பல் பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் மட்டும் போதுமா?

"கடைவாயில் மூன்று பல் பிரிட்ஜ் போட்டிருக்கிறேன். வாட்டர் ஃப்ளாசர் வாங்கிவிட்டேன். இனி பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும் குட்டி பிரஷும் தேவையா?"

தேவைதான். தண்ணீர் இறைச்சி நாரைத் தள்ளிவிடும். பல்லில் ஒட்டிய பிசுபிசுப்பான படலம் உரசினால்தான் முழுதாகப் போகும்.

என் அம்மாவுக்கும் இதே பிரிட்ஜ்தான். பினாங்கில் நாசி கண்டார் சாப்பிட்ட ஒவ்வொரு இரவும் தண்ணீர் பீய்ச்சுவார். அப்படியும் பிரிட்ஜ் ஓரத்தில் வாடை, ஈறில் ரத்தம். பிரிட்ஜில் நடுவிலுள்ள போலிப் பல்லும் இரு பக்கத் தாங்கு பற்களும் ஒன்றாக இணைந்திருப்பதால் மேலிருந்து நூல் இறங்காது. ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருக்கும் பிரிட்ஜ் ஃப்ளாஸைக் கன்னப் பக்கமிருந்து போலிப் பல்லுக்கு அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் இழுத்து, போலிப் பல்லின் அடியையும் இரண்டு தாங்கு பற்களின் பக்கங்களையும் உரசினார். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது.

அகலமான இடைவெளிக்குக் குட்டி பிரஷ்தான் சிறந்தது. அதன் மயிர் இரு பக்கமும் உரச வேண்டும், கம்பி பல்லில் படக்கூடாது. நெருக்கமான பற்களுக்குள் அது போகாது, திணிக்காதீர்கள். சாதாரண நூலை முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக இறக்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நூல் பிய்கிறதா? சொத்தையாகவோ, துருத்திய ஃபில்லிங்காகவோ இருக்கலாம், பல் டாக்டரிடம் காட்டுங்கள்.