கோட்பாட்டுச் சட்டகமும் கருத்துச் சட்டகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமூகப் பணித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். 30 வயதைக் கடந்த கிராமத்துப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்பது என் தலைப்பு. ஹெல்த் பிலீஃப் மாடலை எடுத்திருக்கிறேன். முன்மொழிவில் கோட்பாட்டுச் சட்டகம், கருத்துச் சட்டகம் என்ற இரண்டு தலைப்புகளின் கீழும் ஏறக்குறைய ஒரே படத்தைப் போட்டிருந்தேன். "ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையில் என்ன வித்தியாசம்?

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் தலைப்பையே வைத்துப் பார்ப்போம். நீங்கள் எடுத்திருக்கும் கோட்பாடு உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய இலவசமாக மார்பு எக்ஸ்ரே எடுத்தது. வண்டி தெருவுக்கே வந்தும் பலர் வரவில்லை. அங்கே வேலை பார்த்த சமூக உளவியலாளர் காட்ஃப்ரி ஹோக்பாம், வந்தவர்கள், வராதவர்கள் இரு தரப்பிடமும் அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று விசாரித்தார். தனக்கும் காசநோய் வரலாம், முன்பே கண்டுபிடித்தால் பலன் உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாக முன்வந்து எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான். ஹோக்பாமும் அவரோடு அங்கே வேலை பார்த்த ரோசன்ஸ்டாக்கும் மற்றவர்களும் சேர்ந்து இதிலிருந்து வளர்த்த விளக்கம்தான் ஹெல்த் பிலீஃப் மாடல்: எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதனையால் என்ன பலன், போவதில் என்ன தடை. இவற்றோடு, போகத் தூண்டும் ஏதோ ஒன்று.

உங்கள் கோட்பாட்டுச் சட்டகத்தில் வர வேண்டியது இதுதான். யார், எந்தக் கேள்விக்காக இந்த விளக்கத்தை உருவாக்கினார்கள், அது மனிதர்களைப் பற்றி எதை எடுத்துக்கொள்கிறது, உங்கள் கேள்விக்கு ஏன் பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகலாம். இது உங்களுக்கு முன்பே இருந்தது, இன்னொரு ஊரில் இன்னொரு நோயைப் பற்றி ஆராய்பவரும் எடுத்துக்கொள்ளலாம்.

கருத்துச் சட்டகம் அப்படி இல்லை. இந்தப் பெண்களிடம், இந்த ஆய்வில், நீங்கள் எதை எதோடு தொடர்புபடுத்திப் பார்க்கப் போகிறீர்கள் என்று நீங்களே எடுக்கும் முடிவுகள் அவை. கோட்பாடு அதற்கு ஒரு மூலம். முந்தைய ஆய்வுகளும் களத்தில் நீங்கள் கேட்டவையும் மற்ற மூலங்கள். கோட்பாட்டிலிருந்து சிலதை விடுவீர்கள், வெளியிலிருந்து சிலதைச் சேர்ப்பீர்கள். எதையும் விடாமல் எதையும் சேர்க்காமல் இருந்ததால்தான் உங்கள் இரண்டு படங்களும் ஒன்றாகிவிட்டன.

முதலில் விடுவதைப் பார்ப்போம். 'வந்தால் எவ்வளவு மோசம்' என்ற பெட்டி உங்களுக்குத் தேவையா? புற்றுநோய் என்றாலே கிட்டத்தட்ட எல்லோருக்கும் பயம்தான். எல்லாப் பெண்களும் ஒரே பதிலைச் சொன்னால், வந்தவருக்கும் வராதவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பதிலால் விளக்க முடியாது. இந்த மாடலை வைத்து நடந்த ஆய்வுகளை 1984இல் தொகுத்துப் பார்த்த ஜான்ஸும் பெக்கரும், தடைகள்தான் மிக வலுவாக வேலை செய்கின்றன, நோயின் கடுமை பற்றிய எண்ணம் மிகப் பலவீனமாக இருக்கிறது என்றுதான் கண்டார்கள். முன்னோட்ட ஆய்வில் சிலரிடம் கேட்டுப் பார்த்து, பதில்கள் வேறுபடவே இல்லை என்றால், காரணத்தை எழுதிவிட்டு அந்தப் பெட்டியை எடுத்துவிடலாம். 'என்னால் முடியும்' என்ற தன்னம்பிக்கையும் அப்படித்தான். அது 1988இல்தான் இந்த மாடலில் சேர்ந்தது. புகையை விடுவது, உணவை மாற்றுவது போன்ற நீண்ட காலப் பழக்கங்களையும் விளக்க வேண்டியிருந்ததால் சேர்த்தார்கள். உங்கள் பெண்கள் ஒரு நாள் போய், செவிலியர் செய்யும் பரிசோதனையை முடித்துக்கொண்டு வரப்போகிறவர்கள்.

சேர்ப்பதுதான் கடினம். களத்தில் பேசினால் கணவரும் மாமியாரும் கட்டாயம் வருவார்கள். இதை அப்படியே 'தடைகள்' பெட்டிக்குள் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். இந்தக் கோட்பாடு, நம்புகிறவரே முடிவெடுப்பவரும் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் களத்தில் நம்புகிறவர் ஒருவராகவும் முடிவெடுப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். ஒரு பெண் எல்லாவற்றையும் நம்பியும் வீட்டில் விடாததால் வராமல் போகலாம். அப்படியானால் வீட்டில் முடிவெடுக்கும் உரிமை, நம்பிக்கைக்கும் வருகைக்கும் இடையிலான தொடர்பையே கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. படத்தில் அதன் அம்பு இன்னொரு பெட்டியைத் தொடாமல், அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் அம்பைத் தொட வேண்டும்.

இந்தச் சின்ன இட மாற்றம் ஆய்வையே மாற்றிவிடும். கருதுகோள் இப்படி ஆகும்: தானே முடிவெடுக்கும் பெண்களிடம் பரிசோதனையின் பலன் பற்றிய நம்பிக்கை வருகையோடு வலுவாகத் தொடர்புபடும், மற்றவர்களிடம் அந்தத் தொடர்பு பலவீனமாக இருக்கும். வினாப்பட்டியலில் முடிவெடுப்பது பற்றித் தனிக் கேள்விகள் வரும். பகுப்பாய்வில் லாஜிஸ்டிக் ரெக்ரஷனோடு நிறுத்தாமல், நம்பிக்கையும் முடிவுரிமையும் சேர்ந்த இடைவினையையும் பார்க்க வேண்டிவரும். அதற்கு மாதிரியின் அளவு இன்னும் பெரிதாகும், அதையும் இப்போதே கணக்கிட வேண்டும்.

அப்புறம் அம்பின் திசை. நம்பிக்கையிலிருந்து வருகைக்கு அம்பு போட்டிருப்பீர்கள். ஆனால் "இதுவரை பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, அதே நாளில் நம்பிக்கையையும் அளந்தால் அம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. வந்தவரிடம் செவிலியர் உட்கார்ந்து பேசியிருப்பார், பலன் உண்டு என்ற நம்பிக்கை அதனாலேயே வந்திருக்கலாம். இதுவரை பரிசோதனை செய்யாத பெண்களிடம் நம்பிக்கையை முதலில் அளந்துவிட்டு, அடுத்த சில மாதங்களில் யார் வந்தார்கள் என்று சுகாதார நிலையப் பதிவேட்டில் அனுமதி பெற்றுப் பாருங்கள். முடியாது என்றால், தொடர்பை மட்டுமே சொல்ல முடியும் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

படத்தை வரைந்த பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தொட்டு, இதை எந்தக் கேள்விகளால் அளக்கிறேன் என்று கேளுங்கள். ஒவ்வொரு அம்பையும் தொட்டு, இது எந்தக் கோட்பாட்டிலிருந்து அல்லது எந்த ஆய்விலிருந்து வந்தது, எந்தக் கருதுகோளாக மாறுகிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத பெட்டியும் அம்பும் அழகுக்காக இருப்பவை. தேர்வாளர் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயர்களை எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. இதைப் பற்றியே நூல் எழுதிய ஷாரன் ராவிச்சும் மாத்யூ ரிகனும் கருத்துச் சட்டகத்தையே பெரியதாக வைத்து, கோட்பாட்டை அதன் ஒரு பகுதியாகப் பார்க்கிறார்கள். செவிலியத் துறை ஆய்வேடுகளில் ஒரு கோட்பாட்டைத் தங்கள் ஆய்வுக்கு ஏற்ப மாற்றி, அதையே கருத்துச் சட்டகம் என்று போடுவதையும் பார்க்கலாம். உங்கள் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு மூன்று ஆய்வேடுகளைப் புரட்டி அங்கே எது வழக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பு எதுவானாலும் மேலே சொன்ன இரண்டு வேலைகளும் நடந்திருக்க வேண்டும்.

கோட்பாட்டை இலக்கிய மீளாய்வை ஒட்டி, படம் இல்லாமலேயே எழுதலாம். கருத்துச் சட்டகத்தைக் கருதுகோள்களுக்குச் சற்று முன்னால் வையுங்கள். படத்துக்குக் கீழே, எதை ஏன் விட்டீர்கள், எதை ஏன் சேர்த்தீர்கள் என்று இரண்டு பத்தி எழுதுங்கள். கைடிடம் கொடுக்கும்போது அந்த இரண்டு பத்திகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.