மீட்டரை முன் வரிசைக்குக் கொண்டுபோங்கள்: மேடை ஒலி பற்றிக் கேள்வி பதில்

22 வருடமாகக் கோயில் திருவிழா, கல்யாணம், மெல்லிசைக் கச்சேரி என்று மிக்சர் போடுகிறேன். சத்தத்தை அளக்கும் மீட்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஆம்ப் ரிப்பேர், பாக்ஸ் விலை எல்லாம் இன்றைக்கு வேண்டாம்.

"அண்ணே, புதுசா ஒரு மீட்டர் வாங்கினேன். மிக்சர் பக்கத்துல வச்சா 93, 94 காட்டுது. 100க்குள்ள இருந்தா போதும்னு சொல்றாங்க. அப்ப நான் சரியாத்தானே போறேன்?" (கரூர் மைக்செட்காரர்)

தம்பி, 100 என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு. மீட்டரில் அடிச்சத்தத்தைக் கழித்து அளக்கும் A-வில் வைத்து அளந்து, 15 நிமிடத்துக்கான சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். ஆனால் அது ஜனங்கள் இருக்கும் இடத்துக்கான கணக்கு. நீங்கள் பார்ப்பது உங்கள் காதுக்கு வரும் அளவு.

ஒரு பங்குனித் திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறேன். மேடைக்கு இரண்டு பக்கமும் பாக்ஸைத் தரையிலேயே அடுக்கியிருந்தோம். மிக்சர் 25 மீட்டர் தள்ளி. முன்னால் தார்ப்பாய் விரித்து, பேஸ் பாக்ஸிலிருந்து 3 மீட்டரில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப்பக்கம் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும், எல்லாம் சின்னப் பிள்ளைகள். சாயங்காலம் ஜனம் வருவதற்கு முன்னால் மிக்சரிலிருந்தே பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டு, என் இடத்தில் 90 வருகிற மாதிரி வைத்தேன். அப்புறம் மீட்டரை எடுத்துக்கொண்டு கயிற்றடிக்கு நடந்தேன். உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காது உயரத்துக்குக் குனிந்து பிடித்தால் 101. இரண்டுக்கும் 11 வித்தியாசம்.

அதாவது அங்கே 100 என்றால் என் இடத்தில் 89க்கு மேல் போகக்கூடாது. 94 வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு 105 போயிருக்கும்.

89 வைத்தால் கடைசி வரிசைக்குப் பாட்டு எட்டவில்லை என்பார்கள். அதனால் கயிற்றை 6 மீட்டருக்குத் தள்ளிக் கட்டச் சொன்னோம். டாப் பாக்ஸைச் சாரத்தில் ஏற்றி, முன் வரிசையின் தலைக்கு மேலாகப் போகும்படி திருப்பினோம். மறுபடி அளந்தபோது வித்தியாசம் 5ஆகக் குறைந்திருந்தது. இப்போது என் இடத்தில் 95 வரை போகலாம். வால்யூமைத் தொடாமலே எனக்கு 6 டெசிபல் இடம் கிடைத்தது. தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 குறையும், திறந்தவெளியில் நமக்குக் கிடைக்கும் பெரிய உதவி அதுதான்.

அளக்கும்போது மீட்டரைக் கை நீட்டிப் பிடியுங்கள். நெஞ்சோடு ஒட்டியோ மிக்சர் மேல் படுக்கவைத்தோ பார்த்தால், பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துவிடும். ஸ்பாஞ்சு உறையைக் கழற்றாதீர்கள், காற்றடித்தால் எண் சும்மா ஏறும்.

குழந்தைகளைப் பேஸ் பாக்ஸ் முன்னால் உட்காரவைக்காதீர்கள். இதை இன்னும் சில பதில்களிலும் சொல்வேன்.

"மொபைல் ஆப் போதுமா சார்?"

ஐபோனில் NIOSH SLM என்று ஒன்று இலவசமாக இருக்கிறது, மோசமில்லை. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் மாறுவதால் ஒரே ஆப் ஒன்றில் 92, இன்னொன்றில் 99 காட்டும். அதிகச் சத்தத்தில் பல போன் மைக்குகள் திணறி, நிஜத்தைவிடக் குறைவாகவே காட்டும். ஆபத்தான இடத்தில் குறைவாகக் காட்டும் கருவியை நம்பாதீர்கள்.

"எண் நிக்கவே மாட்டேங்குது. ஒரு செகண்ட் 88, அடுத்த செகண்ட் 104. எதை எடுத்துக்கறது? MAX-ஐ எடுத்துக்கலாமா?" (திண்டுக்கல்லிலிருந்து)

MAX வேண்டாம். யாராவது மைக்கைத் தட்டினாலே அது ஏறிவிடும். உங்களுக்குத் தேவை சராசரி. LAeq காட்டும் மீட்டராக இருந்தால் 15 நிமிடம் ஓடவிட்டு அதையே பாருங்கள். அது இல்லாத மீட்டர் என்றால் SLOW-வில் போட்டு, எண் பெரும்பாலும் எங்கே தங்குகிறது என்று ஒரு பாட்டு முழுக்கக் கவனியுங்கள்.

சராசரி என்றதும் கூட்டி வகுத்துவிடாதீர்கள். 10 நிமிடம் குத்துப்பாட்டு 102இல் போகிறது, அடுத்த 5 நிமிடம் தொகுப்பாளர் 80இல் பேசுகிறார் என்று வைப்போம். சாதாரணக் கணக்கில் 95க்குப் பக்கம் வரும். நிஜ சராசரி 100ஐ ஒட்டி நிற்கும். உரத்த நிமிடங்கள்தான் கணக்கை ஆளும், பேச்சுக்கான 5 நிமிடம் 2 டெசிபல்கூடக் குறைக்காது. நான்கு குத்துப்பாட்டை வரிசையாக வைத்துவிட்டு நடுவில் பேச்சு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

"எங்க வீட்டு எதிர்ல விடியற்காலம் 4 மணிக்குக் குழாய் ஸ்பீக்கர் போடறாங்க. மீட்டர் வாங்கி அளந்து காட்டலாமா?" (ஒரு அம்மா)

அம்மா, மீட்டரே வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. வருடத்தில் சில நாட்களுக்கு அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், 4 மணிக்கு அதுவும் பொருந்தாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

மைக்செட்காரர்களும் கேளுங்கள்: அந்த விதியில் பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபல்தான் உச்சம், குடியிருப்புப் பகுதியில் அதைவிடக் குறைவு. அது அக்கம்பக்கத்தாருக்கான அளவு. முன்னே சொன்ன 100 எதிரே நிற்பவரின் காதுக்கானது. ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து தப்ப முடியாது.

"A-ல அளக்கறதே ஏமாத்து வேலை. 63 ஹெர்ட்ஸ்ல 26 டெசிபலைக் கழிச்சிடும். நெஞ்சு அதிருது, மீட்டர் 96ங்குது. C-லதான் உண்மை தெரியும்." (ஒலிப்பதிவு படிக்கும் மாணவர்)

கழிப்பது உண்மைதான். ஆனால் காதும் அந்த அடிச்சத்தத்தைக் குறைத்தேதான் வாங்குகிறது. செவித்திறன் இழப்பைத் தடுக்க வேலை செய்பவருக்குச் சொன்ன 85, ஜனங்களுக்குச் சொன்ன 100 எல்லாமே A-வில் வகுக்கப்பட்டவை. அடிச்சத்தத்தை அதிகம் கழிக்காத C-யில் அளந்துவிட்டு அந்த எண்களோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பு.

"அப்ப பேஸ் எவ்வளவு வேணா வைக்கலாமா?" (அதே மாணவர்)

அப்படிச் சொல்லவில்லை. பிரான்சில் 2017இல் வந்த ஆணையில் 15 நிமிட சராசரி A-வில் 102, C-யில் 118 என்று இரண்டுக்குமே வரம்பு உண்டு. 6 வயது வரையான குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்றால் 94, 104. ஆக, C-யையும் பார்க்கவேண்டும் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

"தம்பி சொல்றதுல தப்பே இல்ல. எங்க செட்ல C மட்டும்தான் பார்க்கிறோம், 110 தாண்ட விடமாட்டோம்." (சேலத்து ஆபரேட்டர்)

அண்ணே, பேஸ் குறைந்த கச்சேரியில் C 110 என்றால் A 106கூட இருக்கலாம். பேஸே இல்லாத நாதஸ்வர, தவில் மேடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். C மட்டும் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

நான் செய்வது இதுதான். ஒரே இடத்தில் நின்று A-வில் ஒரு முறை, C-யில் ஒரு முறை பார்ப்பேன். என் நிகழ்ச்சிகளில் வித்தியாசம் 12, 15 இருக்கும். 20ஐத் தாண்டினால் பேஸ் பாக்ஸைக் குறைப்பேன். பேஸ் அதிகமானால் பாட்டின் வார்த்தை அமுங்கும், பாடகர் மைக்கை ஏற்றுவோம், அப்புறம் கீபோர்டுக்காரர் கேட்கவில்லை என்பார். அரை மணி நேரத்தில் எல்லாம் 4 டெசிபல் ஏறியிருக்கும். பேஸைக் குறைத்தால் அந்த ஓட்டமே நின்றுவிடும்.

"இன்னும் எனக்கு ஒப்புக்கொள்ள முடியல. பாக்ஸ் முன்னாடி மணிக்கணக்கா நிக்கிறவங்க உடம்புக்கு அது ஒண்ணும் செய்யாதுன்னு A-வை வச்சு எப்படிச் சொல்றது?" (மாணவர்)

A-வை வைத்து அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நான் பேசுவது காதைப் பற்றி மட்டும். உங்கள் மீட்டரில் இரண்டும் இருக்கிறது, இரண்டையும் எழுதி வையுங்கள். முன்னால் குழந்தைகள் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நம் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

"ஆப்ல அளந்தா சரியா இருக்குமா அண்ணே?"

மேலே இருக்கிறது.

"நான் மேடையில வயர் இழுக்கிற பையன். ஷோ முடிஞ்சா ரெண்டு நாளைக்குக் காதுக்குள்ள 'ங்ங்'னு கேக்குது. பழகிடும்னு மாஸ்டர் சொல்றார்."

பழகாது தம்பி. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆறு வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்து மானிட்டரோடு ஒட்டியே நின்றேன். இன்று என் இடது காதின் பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கோடு குழிபோல் இறங்கியிருக்கிறது. சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். வீட்டில் பேசினால் சத்தம் கேட்கிறது, 'ச'வும் 'த'வும் பிரிவதில்லை.

ஜனங்கள் வருடத்தில் நான்கு கச்சேரிக்கு வருவார்கள். நீ வாரத்துக்கு நான்கு பார்க்கிறாய், அதனால் உனக்கு 100 பொருந்தாது. வேலை செய்பவருக்கு 85இல் 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி. நீ நிற்கும் இடத்தை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். டிரம்ஸ் ஓரம் 97 என்றால், 4 மணி நேர ஷோவில் எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில் வாங்குகிறாய்.

மெடிக்கல் கடையில் ஸ்பாஞ்சு அடைப்பான் கிடைக்கும். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதைப் பின்னுக்கு மேலே இழுத்து உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை விரலால் பிடித்திரு. உன் குரலே உனக்குத் தலைக்குள் கேட்டால் சரியாகப் போயிருக்கிறது. பஞ்சு வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. வேலை இல்லாத பாட்டுக்கு மேடைக்குப் பின்னால் போய் நில். ஒரு காது திடீரென அடைத்த மாதிரி ஆகி மறுநாளும் விடவில்லை என்றால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போ.

"கமிட்டித் தலைவர் வந்து 'சத்தமே இல்லையே, ஏத்துப்பா'ங்கறார். என்ன பண்ண?" (மேலூர்)

அவரைக் கையோடு முன் வரிசைக்குக் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டுங்கள். கடைசி வரிசைக்குத்தான் குறைவு என்றால், பின்னால் இரண்டு சிறிய பாக்ஸ் வைத்துக் கொஞ்சம் தாமதம் கொடுத்து விடுங்கள். முன்னாலிருந்து தள்ளாதீர்கள். அங்கே குழந்தைகள்.

"மொபைல்ல..."

மேலே பாருங்கள்.

"கல்யாண மண்டபத்துலயும் இதே 5, 11 கணக்குத்தானா?" (தஞ்சாவூர்)

இல்லை. கண்ணாடியும் டைல்ஸும் உள்ள மண்டபத்தில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியே நிரம்பும். முன்னாலும் பின்னாலும் வித்தியாசம் 2, 3தான் வரும் என்பதால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பலனில்லை. வால்யூமைத்தான் இறக்கவேண்டும். காலியாக இருக்கும்போது ஒரு முறை, பந்தி முடிந்து ஜனம் நிறைந்தபின் ஒரு முறை அளங்கள். இரண்டாவது எண்ணை வைத்து வேலை செய்யுங்கள்.