பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின்: என்ன எழுதிக் கேட்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையில் 30 யூனிட், இரவில் 20 யூனிட் இன்சுலின் போடுகிறோம். பாவனையில் ஒரு போத்தலும் திறக்காத மூன்று போத்தல்களும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. கரண்ட் போனால் சில நேரம் ஒரு நாளுக்கு மேலாகியும் வருவதில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. அவ்வளவு பழக்கம் இல்லை. மருந்தை அங்கே வைக்க எப்படி எழுதிக் கேட்பது?

பதில்: முதலில் எந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாவனையில் இருக்கும் போத்தல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். திறந்த இன்சுலினை 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய 28 நாள் வெளியே வைத்துப் பாவிக்கலாம். சில வகைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கொழும்பு வீடுகளில் நண்பகலில் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே அடுப்படியிலும் வெயில் விழும் அறையிலும் வைக்காமல், வீட்டின் குளிரான மூலையில் வையுங்கள். வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர் விட்டு, அதற்குள் சிறு பாத்திரத்தில் போத்தல் நனையாமல் வைத்தால் வெப்பம் சில பாகை குறையும். ஈரக்காற்றுள்ள நம் ஊரில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

திறக்காத மூன்றுதான் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. அவையும் கரண்ட் போன உடனே கெட்டுவிடாது. கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நேரம் குறித்து வரும் இரண்டு மூன்று மணித்தியால வெட்டுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் போல 13 மணித்தியாலம் வெட்டும்போதும், புயல் மழையில் கம்பி அறுந்து எப்போது வரும் என்றே தெரியாதபோதும்தான் இந்தக் கடிதம் தேவை.

ஆன்ட்டி வீட்டு ஜெனரேட்டரில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பலர் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் போடுவார்கள். இதை இருட்டில் போய்க் கேட்க வேண்டாம். கரண்ட் இருக்கும் ஒரு நாளில், கேட்டடியில் காணும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம். கடிதத்தையும் அன்றைக்கே எழுதி வைத்தால் நல்லது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள ஆன்ட்டிக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டில் இருந்து எழுதுகிறேன். அம்மாவின் ஊசி மருந்து மூன்று போத்தல்கள் குளிரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கரண்ட் வரும்வரை உங்கள் ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா? சின்னச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வைக்கும் இடம் போதும். மூடி ஒட்டித்தான் தருவேன். ஊசி எதுவும் அதற்குள் இருக்காது.

நடுத்தட்டில் முன்பக்கமாக வைத்தால் சரி. ஃப்ரீசரிலும் பின்சுவரை ஒட்டியும் மட்டும் வேண்டாம், உறைந்தால் மருந்து பழுதாகிவிடும். இரவில் ஜெனரேட்டரை நிற்பாட்டுவது போலவே நிற்பாட்டுங்கள், எங்களுக்காக ஓட விட வேண்டாம். இடையில் எடுக்க வந்து தொந்தரவு தரமாட்டேன். கரண்ட் வந்த மறுநாள் காலை 9 மணிக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இடம் இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள் ஆன்ட்டி, வேறு ஒழுங்கு செய்துகொள்வோம்."

கீழே உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும். பெட்டியின் மேலும் அதையே எழுதி ஒட்டுங்கள். மருந்தின் பெயரையும் வருத்தத்தின் பெயரையும் கடிதத்தில் எழுதுவது உங்கள் விருப்பம், 'ஊசி மருந்து' என்றாலே போதும். பெட்டிக்குள் மட்டும் மருந்து அதன் சொந்த அட்டைப்பெட்டியோடு இருக்கட்டும். வெளிச்சம் படாது, காலாவதித் திகதியும் கூடவே இருக்கும்.

கடிதத்தில் எந்த வரியைச் சுருக்கினாலும் ஃப்ரீசர் வரியைச் சுருக்காதீர்கள். உதவும் மனதுள்ளவர்கள் செய்யும் தவறே அதுதான். மருந்துக்கு நல்ல குளிர் வேண்டும் என்று நினைத்து ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், பிறகு உருகிப் பழையபடி தெரிந்தாலும், போடக் கூடாது. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல வலுவிழக்கும், உறைந்தாலோ நம்பவே முடியாது. கதவுத் தட்டும் வேண்டாம் என்பேன், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் சூடு ஏறும். நீங்கள் கொண்டுபோகும்போதும் ஐஸ் கட்டியைப் போத்தலில் நேரே படவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்கு ஐஸே தேவையில்லை.

ஜெனரேட்டர் வரி இன்னொரு காரணத்துக்காக. டீசல் விலையில் இரவு முழுக்க யாரும் அதை ஓட விடுவதில்லை. மருந்து இருக்கிறதே என்ற கவலையில் ஆன்ட்டி ஓட விட்டால் அடுத்த முறை கேட்க உங்களுக்கே கூச்சமாகிவிடும். மாலையில் சில மணித்தியாலம் ஓடிக் குளிர்ந்த ஃபிரிட்ஜ், இரவில் திறக்காமல் இருந்தால் விடியும்வரை கொஞ்சம் சூடேறினாலும் திறக்காத போத்தலுக்கு அது பெரிய பாதிப்பில்லை. டீசலுக்குக் காசு தருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் எப்படியும் ஓடவிடும் ஃபிரிட்ஜ் அது, காசுப் பேச்சு வந்தால் மனம் நோகும்.

ஆன்ட்டியால் முடியாமல் போனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு போத்தல் 10 மில்லி, மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 1000 யூனிட். அம்மாவுக்கு நாளுக்கு 50 யூனிட் என்றால் ஒரு போத்தல் 20 நாள் போகும். பாவனையில் இருப்பதில் இன்னும் ஒரு கிழமைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முடிந்ததும் எடுக்கும் அடுத்த போத்தல், இன்றே குளிரை விட்டு வெளியே வந்திருந்தாலும் 27ஆம் நாளில் தீர்ந்துவிடும். அறை 30 பாகைக்குக் கீழே இருந்தால் அது கெடாமல் பாவிக்கலாம். ஆக, குளிர் கட்டாயம் தேவைப்படுவது மீதி இரண்டுக்கும்தான். அவற்றை வழக்கமாக மருந்து வாங்கும் பார்மசியில் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். கடிதத்தில் எழுதிய 'வேறு ஒழுங்கு' இதுதான், ஆகவே முன்பே கேட்டு வையுங்கள்.

கரண்ட் வந்த அன்றே ஓடிப்போய் எடுக்க வேண்டாம். வந்த கரண்ட் மறுபடி போவது வழக்கம், உங்கள் ஃபிரிட்ஜும் நன்றாகக் குளிர்வதற்குச் சில மணித்தியாலம் வேண்டும். அதனால்தான் மறுநாள் காலை என்று எழுதினேன்.

பெட்டியை வாங்கி வந்ததும் ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அம்மாவுடையது பால் நிறத்தில் இருக்கும் கலவை என்றால், உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிய பிறகும் கட்டிகள் மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் வெள்ளைப் படலம் பிடித்திருந்தாலோ போடாதீர்கள். தெளிந்த வகை என்றால் கலங்கியிருக்கவே கூடாது. பார்வைக்கு நன்றாக இருந்தும், அதைத் தொடங்கிய பிறகு சீனி காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போனால் போத்தலை மாற்றி, கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்க நேர்ந்த போத்தலில் அந்தத் திகதியை எழுதி, அதை முதலில் எடுத்து முடியுங்கள்.