நாலு ஃபேனையும் மாற்ற வேண்டுமா?

"வீட்டில் நாலு பழைய ஃபேன், எல்லாம் ஓடுகின்றன. பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார் கடைக்காரர். ஒன்று 3,200 ரூபாய், சாதா ஃபேன் 1,700. கோடையில் 540 யூனிட் வருகிறது. மாற்றலாமா?"

இரண்டை மட்டும் மாற்றுங்கள்: ஹாலில் ஒன்று, நீங்கள் தூங்கும் அறையில் ஒன்று.

பாதியாவது ஃபேன் இழுக்கும் கரண்ட்தான், பில் இல்லை. ஃபிரிட்ஜும் மோட்டாரும் எப்போதும் போல ஓடும். முழு வேகத்தில் பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. சுமார் 30. மிச்சம் 45 வாட். ஹால் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். படுக்கையறையில் 8 மணி நேரத்துக்கு 21 யூனிட். விருந்தாளி அறையில் 2 மணி நேரம்தான் என்றால் 5 யூனிட். அந்த ஃபேனுக்குப் போட்ட காசு அதன் ஆயுளுக்கும் திரும்பாது.

கடைக்காரர் 1,500 ரூபாய் வித்தியாசத்தைத்தான் காட்டுவார். ஓடுகிற ஃபேனைக் கழற்றினால் உங்கள் செலவு முழு 3,200. வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுவது பழையது எரிந்துபோனால் மட்டுமே சரி. வேகம் குறைந்ததற்காக மாற்ற நினைத்தால், முதலில் கன்டென்சரை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்கூட ஆகாது.

ஆனால் உங்கள் 540 யூனிட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் மின்வாரியக் கணக்கில் 500ஐத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் விழுவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். இரண்டு ஃபேன் மாறினால் நீங்கள் 480க்கு வந்துவிடுவீர்கள். ஒரு கோடை பில்லில் 600 ரூபாய்க்கு மேல் குறையும். வருடத்தில் நாலு பில் இப்படி வந்தால் மூன்று வருடத்துக்குள் 6,400 திரும்பிவிடும். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தாலே 500ஐத் தாண்டிவிடும் என்பது வேறு கதை. மாதாமாதக் கணக்கெடுப்பு வரும் வரும் என்று கேட்டே நமக்கு வயதாகிறது.

வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் 'பவர் சேவர்', 'ஹை ஸ்பீட்' எதையும் நம்பாதீர்கள். எத்தனை வாட் என்று மட்டும் பாருங்கள். 50க்கு மேல் இருந்தால் அது சாதா மோட்டார்தான். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுக்கும் சேர்த்து எத்தனை வருட வாரன்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த ஃபேனில் மோட்டாரைவிட அந்த போர்டுதான் முதலில் போகும்.

மாட்ட வருபவர் தனி வயரிங் வேண்டும் என்றால் அனுப்பிவிடுங்கள். அதே வயர் போதும். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் போர்டு கெடலாம், வாரன்டியும் கிடைக்காமல் போகலாம்.