தனிச் சமையல் வேண்டாம், தட்டை மாற்றினால் போதும்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பி.பி. 148/92 இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் 'டாஷ் டயட்' என்று ஒரு தாள் கொடுத்தார். அதில் கோழி, மீன், ரொட்டி என்று இருக்கிறது. நாங்கள் சைவம், வீட்டில் நான்கு பேர். இட்லி, சாம்பார், ரசம், பொரியல்தான் எங்கள் சமையல். அவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமா?

பதில்: தனியாக வேண்டாம். அதே சமையலில் அளவுகளை மாற்றினால் போதும்.

டாஷ் என்றதும் 'உப்பைக் குறைப்பது' என்றே பலரும் நினைக்கிறார்கள். 1997-இல் அமெரிக்காவில் 459 பேரை வைத்து நடந்த முதல் ஆய்வில் உப்பைக் குறைக்கவே இல்லை. காய், பழம், கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் ஆகியவற்றைக் கூட்டினார்கள். அதற்கே இரண்டு வாரத்தில் ரத்த அழுத்தம் இறங்கியது. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி குறைந்தது. 2001-இல் வந்த அடுத்த ஆய்வில் உப்பையும் சேர்த்துக் குறைத்தபோது பலன் இன்னும் கூடியது. அதனால் முதலில் தட்டைப் பார்ப்போம், அப்புறம் உப்பு.

உங்கள் தாளில் தானியம் நாளுக்கு 6 முதல் 8 பங்கு என்று இருக்கும். ஒரு பங்கு என்பது அரை கப் சாதம். மதியம் மூன்று கப் சாதம் சாப்பிடுகிறவருக்கு அந்த ஒரு வேளையிலேயே 6 பங்கு முடிந்துவிடுகிறது. ஓர் இட்லியையோ ஒரு தோசையையோ ஒரு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒன்றரை கப் சாதம், இரவு இரண்டு தோசை என்றால் சரியாக 8 வரும்.

சாதம் குறைந்த இடத்தைக் காய் நிரப்ப வேண்டும். நாளுக்கு 4 முதல் 5 பங்கு, அதாவது வெந்த காய் இரண்டு கப்புக்கு மேல். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டு இந்தக் கணக்கில் வராது. மதியம் ஒரு கப் பொரியல், ஒரு கப் கீரைக்கூட்டு, இரவு தோசைக்குக் காய் நிறையப் போட்ட சாம்பார் என்றால் எட்டிவிடலாம். நான்கு பேருக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் காய் வாங்க வேண்டியிருக்கும். உருளைக்கிழங்கை நான் காயோடு சேர்ப்பதில்லை, சாதத்தோடு சேர்க்கிறேன். காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் பொட்டாசியம் அதில்தான் கரைந்திருக்கிறது. அதை ரசத்தில் ஊற்றிவிடுங்கள்.

தாளில் பருப்பு வாரத்துக்கு நான்கைந்து முறை என்றுதான் இருக்கும். கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கான கணக்கு அது. உங்கள் வீட்டில் அந்த இடம் பருப்புக்குத்தான். தினமும் சாப்பிடலாம், சுண்டலும் சேர்த்துத்தான். ஆடை நீக்கிய பாலில் உறையூற்றிய தயிர் அல்லது மோர் இரண்டு கப், பழம் நான்கு பங்கு. ஒரு வாழைப்பழமோ ஒரு கொய்யாவோ ஒரு பங்கு.

இனி உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம்தான் அளவு. தட்டிய தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அவ்வளவு வரும். நான்கு பேருக்கு 20 கிராம். என் யோசனை இது: காலையில் மூன்று டீஸ்பூன் உப்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அன்று சாம்பார், ரசம், பொரியல், சட்னி எல்லாமே அதிலிருந்துதான். இட்லி மாவு கரைக்கும் நாளில் அதற்கும் அதிலிருந்தே எடுங்கள். நான்காவது டீஸ்பூன், பிஸ்கட், மிக்சர் போல வெளியிலிருந்து வருவதற்கு. ஊறுகாயும் அப்பளமும் தினசரி இலையில் இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அப்பளக்காரமும் ஆப்பசோடாவும் கூட சோடியம்தான். பருப்பை உப்பில்லாமல் வேகவைத்து, இறக்கும்போது போடுங்கள். பொரியலில் எலுமிச்சையும் ரசத்தில் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. ஒரே நாளில் மூன்று டீஸ்பூனுக்கு வராமல் வாரத்துக்குக் கால் டீஸ்பூன் வீதம் குறையுங்கள். நாக்கு பழகச் சில வாரம் ஆகும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிட்டாலோ, பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கக்கூடும். அவர் மாத்திரையின் பெயரையும், கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனை முடிவுகளையும் டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே காய், பழத்தை இந்த அளவுக்குக் கூட்டுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்த்திருக்கிறார்கள். கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். எண் இறங்கினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். மாத்திரை அளவைக் குறைப்பதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.