நிழல் விழுந்த ஸ்கேன் பக்கங்கள்: கேள்வி-பதில்

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தேன். கறுப்பு-வெள்ளையாக்க ஓட்சு முறையைப் போட்டால், தையல் பக்கத்து ஓரம் முழுக்கக் கறுத்துவிடுகிறது. ஏன்?

ஓட்சு பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை எண்ணைத்தான் தரும். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், வெளிச்சத்தில் தாள் 210, எழுத்து 70. தையலோர நிழலில் தாள் 120, எழுத்து 45 என்று வையுங்கள். எல்லை 130-ல் விழுந்தால் நிழலில் இருக்கும் தாளும் எழுத்தோடு சேர்ந்து கறுக்கும். ஒவ்வொரு பிக்சலையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடும் முறைக்கு மாறுங்கள்.

அந்த முறையைத்தான் போட்டேன். `blockSize` 11, `C` 2. வெற்றுத்தாளில் மிளகுப்பொடி தூவியது போல் புள்ளிகள். தலைப்பு எழுத்துகள் உள்ளே வெள்ளையாக இருக்கின்றன. முறையே தவறா?

முறை தவறில்லை. 11-ம் 2-ம் ஓபன்சிவி பயிற்சிப் பக்கத்தில் வரும் மாதிரி எண்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்தது என்றுகூடச் சொல்லாமல் கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. டிபிஐ தெரியாமல் யாரும் உங்களுக்கு எண் சொல்ல முடியாது.

உங்களுடையது 300 டிபிஐ என்றே வைத்துக்கொள்கிறேன். வெற்றுத்தாளிலும் பிக்சல்கள் நாலைந்து அளவு ஏறி இறங்கும். சராசரியைவிட 2 குறைந்தாலே கறுப்பு என்றால் புள்ளி விழத்தான் செய்யும். `C`-ஐ 10 ஆக்குங்கள்.

தலைப்பின் கோடு ஏறக்குறைய 18 பிக்சல் தடிமன். `blockSize` தரும் 11 பிக்சல் சதுரம் அதன் நடுவில் நின்றால் உள்ளே மை மட்டும்தான் இருக்கும். சராசரி 70, அதில் 2 போக எல்லை 68. மையே 70 என்பதால் வெள்ளையாகிவிடுகிறது. ஓரங்கள் மட்டும் கறுப்பாக நிற்கின்றன. சதுரம் 51 ஆனால் அதே இடத்தில் தாளும் உள்ளே வந்து, சராசரி 160-ஐ ஒட்டி ஏறும். 10 கழித்தாலும் எல்லை 150. மை பத்திரமாகக் கறுக்கும். ஒரு வரியின் உயரத்தையாவது சதுரம் மூட வேண்டும். 10 புள்ளி எழுத்துக்கு 300 டிபிஐயில் அது சுமார் 50 பிக்சல்.

```
cv2.adaptiveThreshold(g, 255, cv2.ADAPTIVE_THRESH_MEAN_C,
                      cv2.THRESH_BINARY, 51, 10)
```

இதில் `g` என்பது கிரே ஸ்கேன். எண்ணை மாற்றிப் பார்க்க அது கையில் இருக்க வேண்டும். அதை அழிக்காதீர்கள்.

`blockSize` 50 கொடுத்தால் பிழை வருகிறது.

ஒற்றைப்படை எண்தான் கொடுக்க வேண்டும். பிழைச் செய்தியிலேயே `blockSize % 2 == 1` என்று இருக்கிறது, படியுங்கள்.

தையலை ஒட்டிய கடைசி எழுத்துகள் மட்டும் மறைகின்றன.

அங்கே தாள் 40, மை 28 என்ற அளவுக்கு இருட்டு. சராசரி 38, அதில் 10 போனால் எல்லை 28. மை அந்த விளிம்பிலேயே நிற்கிறது, பாதி போய்விடும். நிலையான எண்ணைக் கழிக்காமல் விகிதமாகக் குறையுங்கள். பிராட்லியும் ராத்தும் 2007-ல் சொன்னது 15 சதவீதம்: 38 இப்போது 32 ஆகும், தாள் வெள்ளை, மை கறுப்பு.

```
m = cv2.blur(g, (51, 51))
out = np.where(g > m * 0.85, 255, 0).astype("uint8")
```

வெளிச்சப் பகுதியில் இதே 15 சதவீதம் 28 அளவுக்குக் கழிக்கும். ஓரத்தில் மங்கலான பென்சில் குறிப்பு இருந்தால் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்த படத்தில், என் கை நிழலின் விளிம்பு நெடுகக் கறுப்புப் பட்டை வருகிறது.

விளிம்பு கூர்மையாக இருப்பதால் வருவது. நிழல் பக்கத்துப் பிக்சலின் சதுரத்துக்குள் வெளிச்சத் தாளும் புகுந்து சராசரியை 165-க்கு ஏற்றிவிடுகிறது. 120-ல் இருக்கும் தாள் கறுக்கிறது. சதுரம் 51, `C` 10 என்றால் பட்டை சுமார் 20 பிக்சல் அகலம் வரும். சதுரத்தைச் சுருக்கினால் பட்டையும் சுருங்கும், ஆனால் தலைப்பு உள்ளே வெளுக்கும். கையை விலக்கி மறுபடி எடுங்கள்.

மிச்சப் புள்ளிகளை நீக்க 3×3 மீடியன் போட்டேன். ஓசிஆர் மெய்யெழுத்துகளை எல்லாம் உயிர்மெய்யாகப் படிக்கிறது.

150 டிபிஐ ஸ்கேனாக இருக்கும். அதில் ‘க்’-இன் புள்ளி இரண்டு பிக்சலுக்கு இரண்டுதான். மீடியனின் ஒன்பது கட்டத்தில் நாலுதான் கறுப்பு, வெள்ளை ஐந்து. புள்ளி முழுசாகப் போய்விடும். நேர்மாறாக, தூசி ஒன்று ‘க’ மேல் தங்கினால் அது ‘க்’ ஆகிவிடும். அதனால் கறுப்பு-வெள்ளையாக்கிய பிறகு துப்புரவு செய்யாதீர்கள். கிரே படத்திலேயே லேசாக மங்கலாக்கி, `C`-ஐ இரண்டு மூன்று கூட்டிப் பாருங்கள். புத்தகம் இன்னும் கையில் இருந்தால் 300-ல் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இந்த முறையாவது கிரேயை வைத்துக்கொள்ளுங்கள்.