மெசேஜில் ஒரு பெயர், ஸ்டேட்மென்ட்டில் வேறு பெயர்: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரி போய் கிரெடிட் கார்டில் பெட்ரோல் போட்டேன். மெசேஜில் இருந்த பெயரும் தேதியும் ஸ்டேட்மென்ட்டில் இல்லை. யாராவது பணம் எடுத்துவிட்டார்களா?

பதில்: கார்டைத் தேய்த்ததும் வரும் மெசேஜ், வங்கி அனுமதி கொடுத்ததற்கான அறிவிப்பு மட்டுமே. பங்க் தன் கணக்கை வங்கிக்கு அனுப்பிய பிறகுதான் ஸ்டேட்மென்ட்டில் பதிவாகும். ஜவுளிக்கடையில் புடவையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பில் போடுவது போலத்தான். இடையில் ஞாயிறோ விடுமுறையோ வந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளும்.

பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, வங்கியில் பதிந்த நிறுவனப் பெயர் வேறொன்று என்பது சாதாரணம். அதனால் பெயரை விட்டுவிட்டு, கார்டின் கடைசி நான்கு எண், தொகை, இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் வரும் தேதி மூன்றையும் பாருங்கள். பெட்ரோலில் தொகையும் சற்று மாறலாம்: ₹1,000-க்கு 1% எரிபொருள் கட்டணம் ₹10-உம் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரலாம். பல கார்டுகளில் அந்தக் கட்டணம் பிறகு திரும்ப வரவாகும்.

கவலைப்பட வேண்டியது, எந்த மெசேஜோடும் பொருந்தாத பதிவும், ஒரே தொகை இருமுறை பதிவாவதும்தான். நீங்கள் செய்யாத செலவுக்கு மெசேஜ் வந்தால் ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கார்டை முடக்கி, புகார் எண் வாங்குங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு உங்களுடையதாக இல்லாமல் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்கள்மேல் விழாது.

ஓடிபி வராமல் பணம் போகாது என்று பலர் நம்புகிறார்கள்; ₹5,000 வரை கார்டை இயந்திரத்தில் தொட்டாலே போகும், பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை.